இறுகிப்போன அடுப்பு நாப்

கேஸ் அடுப்பின் நாப் ஒரே நாளில் இறுகிவிடுவதில்லை. முதலில் திருப்பும்போது லேசாகப் பிடிக்கும். கை அதற்குப் பழகிக்கொள்ளும். சில மாதங்கள் போனால் வெறும் விரலால் முடியாது, கரித்துணியைச் சுற்றிப் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்கும் அடுத்த கட்டத்தில் குறடு வரும், பிளாஸ்டிக் நாப் விரிசல் விடும். பல வீடுகளில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். நாபைத் திறந்த நிலையிலேயே விட்டுவிட்டு, சிலிண்டர் தலையில் இருக்கும் ரெகுலேட்டரை மட்டும் மூடித் திறப்பார்கள்.

இந்தக் குறுக்குவழிதான் மிக ஆபத்தானது. ரெகுலேட்டரைத் திறந்த அதே நொடியில் பர்னரிலிருந்து கேஸ் வெளியேறத் தொடங்குகிறது. சிலிண்டருக்கும் அடுப்புக்கும் இடையே நடக்கிற நேரம், லைட்டரைத் தேடுகிற நேரம், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிற நேரம் முழுவதும் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். வீட்டில் இந்த ஏற்பாடு தெரியாத இன்னொருவர் ரெகுலேட்டரைத் திறந்தால் சொல்லவே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. ஜன்னல் உயரத்துக்கு எழும்பி வெளியேறாமல் தரையோடு பரவி மேடைக்கு அடியிலும் மூலைகளிலும் தங்கிவிடும்.

நாப் ஏன் இறுகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் பிடிக்கிற நாப் வெறும் கைப்பிடி. அதைக் கழற்றினால், ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய ஒரு தண்டு தெரியும். அந்தத் தண்டு போய்ச் சேரும் இடத்தில்தான் வால்வு இருக்கிறது. டீக்கடை பாய்லரில் இருக்கும் பித்தளைக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். கூம்பு வடிவக் கட்டை ஒன்று அதே வடிவக் குழிக்குள் உட்கார்ந்து திரும்பும். அடுப்பு வால்வும் சின்ன அளவில் அதுதான். கூம்பில் ஒரு துளை இருக்கும். குழியின் பக்கவாட்டிலும் துளை இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் கேஸ் முழு வேகத்தில் போகும். இன்னும் திருப்பினால் பெரிய துளை மூடி, ஊசி முனை அளவுள்ள சிறு துளை மட்டும் திறந்திருக்கும். அதுதான் சிம். கூம்பின் மேல் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். நாபை அமுக்கித் திருப்பும்போது எதிர்த்து நிற்பதும் அதே ஸ்பிரிங்தான்.

இந்த வால்வின் உள்ளே கேஸைத் தடுக்க ரப்பர் வாஷர் எதுவும் கிடையாது. பித்தளைக்கும் பித்தளைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கிரீஸ் படலம்தான் அந்த வேலையைச் செய்கிறது. ரெகுலேட்டரைத் தாண்டி வரும் கேஸின் அழுத்தம் மிகக் குறைவு. ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் அடியில் என்ன அழுத்தம் தருமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதைத் தடுத்து நிறுத்த ஒரு படலம் கிரீஸ் போதும். ஆக அந்தக் கிரீஸ் இரண்டு வேலை பார்க்கிறது: கூம்பு வழுக்கித் திரும்ப உதவுகிறது, கேஸ் இடுக்கு வழியே கசியாமல் அடைத்தும் வைக்கிறது. நாப் இறுகுகிறது என்றால் முதல் வேலையில் கிரீஸ் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது வேலையில் அது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இறுக்கத்தை வெறும் எரிச்சலாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

ஆனால் எல்லா இறுக்கமும் வால்வுக்குள் இருப்பதில்லை. பாதி வீடுகளிலாவது முதலில் பார்க்க வேண்டியது நாபையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும்தான். பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் முகப்பில் இறங்கி, தண்டு வெளிவரும் ஓட்டைக்குள் போகும். அங்கே காய்ந்து கருகிக் கெட்டிப்படும். சாம்பார், கஞ்சி, சர்க்கரைப் பாகு எல்லாமே இப்படித்தான்.

இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். அடுப்பு நன்றாக ஆறியிருக்கும் நேரத்தில் ரெகுலேட்டரை மூடுங்கள். நாபைச் சுற்றி ஒரு துணியைக் கொடுத்து, இரு பக்கமும் சமமாகப் பிடித்து நேராக இழுங்கள். பெரும்பாலான நாப்கள் அப்படியே கழன்று வரும். வராவிட்டால் ஸ்குரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள். கண்ணாடி அடுப்பாக இருந்தால் அந்த நெம்பலில் கண்ணாடியே விரிந்துவிடும். நாப் கழன்றதும் வெறும் தண்டை விரல்களால் அமுக்கித் திருப்பிப் பாருங்கள். தண்டு சிறியது என்பதால் நாபைவிடச் சற்றுக் கூடுதல் பலம் தேவைப்படும், அது இயல்பு. மற்ற பர்னர்களின் தண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடும். எல்லாம் ஒன்றுபோலத் திரும்பினால் வால்வு நன்றாக இருக்கிறது, பழுது நாபில்தான். இந்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு உள்ளே.

பழுது நாபில் என்றால் அது நாமே செய்துகொள்ளும் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்து நாபை ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் அழுக்கு வந்துவிடும். தண்டு நுழையும் குழிக்குள் ஒரு பல்குத்தும் குச்சி போதும். தண்டையும் அதைச் சுற்றியுள்ள தகட்டையும் பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். அந்த ஓட்டைக்குள் தண்ணீர் ஊற்றுவதும், ஸ்பிரே அடித்துக் கழுவுவதும் கூடாது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை காலை அடுப்பை நனைத்துத் தேய்க்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் நாப் பக்கம் வரும்போது கைத்துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாப் முழுவதும் காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

மாட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நாபின் அடிப்பகுதி தகட்டில் உரசாமல் சிறு இடைவெளி இருக்க வேண்டும். அதே மாதிரி, தண்டு ஓட்டையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து தகட்டில் உரசினால் அடுப்பின் கால்களைப் பாருங்கள். ஒரு ரப்பர் கால் தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் கனமான குக்கர் ஏறும்போதெல்லாம் சட்டம் முறுக்கிக்கொண்டு, தகடு இடம் மாறிப்போயிருக்கலாம். ஒரு ரப்பர் காலை மாற்றியதுமே நாப் சரியாகிவிட்ட அடுப்புகள் உண்டு.

இனி வால்வுக்குள் இருக்கும் இறுக்கம். இங்கே வீட்டுக்காரர்கள் முதலில் தேடுவது எண்ணெய்ப் புட்டி. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ இரண்டு சொட்டு விட்டால் நாப் உடனே வழுக்கிக்கொண்டு திரும்பும். அந்த உடனடிப் பலன்தான் ஏமாற்றுகிறது. எண்ணெய் உள்ளே போய், இருக்கிற பழைய கிரீஸையும் இளக்கி இடுக்கிலிருந்து வெளியே தள்ளிவிடும். நாப் சுலபமாகத் திரும்புகிறது, ஆனால் கேஸைத் தடுத்துக்கொண்டிருந்த படலம் போய்விட்டது. சமையல் எண்ணெய் சூட்டில் என்ன ஆகும் என்பதற்கு வாணலியின் வெளிப்புறத்தில் படிந்திருக்கும் பிசினே சாட்சி. சில வாரங்களில் வால்வுக்குள்ளும் அதே பிசின் உருவாகி, முன்னைவிட மோசமாக இறுக்கும். சைக்கிள் கடை கிரீஸும் சரிவராது. சமையல் கேஸ் பெட்ரோலியத்தின் உறவு. சாதாரண எண்ணெய்களையும் கிரீஸையும் அது மெல்ல மெல்லக் கரைத்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கிரீஸைக் கரைத்து ஓடவிடும் பொருள்தான், தீப்பிடிக்கக்கூடியதும்கூட. கேஸ் வால்வுக்கென்றே தயாரித்து விற்கும் கிரீஸ் கேஸில் கரையாது, சூட்டில் உருகி ஓடாது. வேறெதுவும் அதற்கு மாற்றல்ல.

என் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பர்னர் வைத்த கண்ணாடி அடுப்பு. பெரிய பர்னரின் நாப் மட்டும் சில மாதங்களாக இறுகிவந்தது. காலையில் பால், பிறகு குக்கர், சாயங்காலம் மறுபடி பால் என்று அந்த வீட்டில் எல்லாமே அந்தப் பர்னரில்தான். வீட்டு அம்மாள் தேங்காய் எண்ணெய் விட்டார். இரண்டு வாரம் நாப் பட்டுப்போலத் திரும்பியது. அதன் பிறகு ஒரு நாள் காலை சமையலறைக் கதவைத் திறந்தபோது லேசான கேஸ் வாடை. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து ஏஜென்சிக்குப் போன் செய்தார். அவர் செய்தவற்றில் மிகச் சரியானது இதுதான்.

மெக்கானிக் வந்தார். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனவர் நாபைத் திருப்பிப் பார்த்ததும் கேட்டார்: "அக்கா, எண்ணெய் ஊத்தினீங்களா?"

"ரெண்டே சொட்டுப்பா."

"அதான். இவ்வளவு லேசாத் திரும்பவே கூடாது."

அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம், நம் வீட்டுக்கு வருபவர் எப்படிச் செய்கிறார் என்று நாம் நின்று பார்க்க முடிய வேண்டும் என்பதுதான். முதலில் ரெகுலேட்டரை சிலிண்டரிலிருந்தே கழற்றி, சிலிண்டர் வாய்க்கு மூடி போட்டார். பூஜை விளக்கு எரிகிறதா என்று பார்த்து அணைக்கச் சொன்னார். ஜன்னல்களைத் திறந்துவைத்தபடி, நாப்களைத் திறந்து குழாயில் மிச்சமிருந்த கேஸ் வெளியேறிக் காற்றில் கலையும்வரை காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி ஒரு துணியின் மேல் படுக்கவைத்தார். பிறகு அந்த வால்வின் முகப்பில் இருந்த இரண்டு சிறு ஸ்குரூக்களைக் கழற்றினார். தண்டு, ஸ்பிரிங், கூம்பு வரிசையாக வெளியே வந்தன. எது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கவனித்து, எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் அடுக்கினார்.

ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டுமே திறப்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு. ஒவ்வொரு கூம்பும் தன்னுடைய குழியோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் கூம்பை இன்னொன்றின் குழியில் வைத்தால் கசியும். மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கழுவுகிறவரைக் கண்டால் தடுத்து நிறுத்திவிடலாம்.

கூம்பையும் குழியையும் பஞ்சு இழை விடாத மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். பழைய கிரீஸ் கறுத்துக் கெட்டியாகி ஒட்டியிருந்தாலும் உப்புத்தாளோ கத்தியோ கம்பி நாரோ படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் கூம்பைச் சுற்றி விழுந்தாலே அது கேஸுக்கு ஒரு வாய்க்கால் ஆகிவிடும். சிம் துளையில் அழுக்கு அடைத்திருந்தால் அதைவிட மெல்லிய கம்பியால் மெதுவாக எடுக்க வேண்டும். ஊசியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும். பிறகு சிம்மில் வைத்தாலும் பால் பொங்கும். புது கிரீஸ் கூம்பின் மேல் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அள்ளி அப்பினால் உபரி கிரீஸ் துளைகளுக்குள் தள்ளப்பட்டு கேஸ் வழியையே அடைத்துவிடும்.

இந்த வீட்டில் வேலை அதோடு முடியவில்லை. துடைத்த கூம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, துளையின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் ஓடும் ஒரு கோடு தெரிந்தது. கிரீஸ் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் பலத்தைக் கொடுத்துத் திருப்பியதில் பித்தளை பித்தளையைக் கீறியிருக்கிறது. "இதுக்கு கிரீஸ் வச்சா ரெண்டு மாசம் தாங்கும் அக்கா, அப்புறம் மறுபடி வாடை வரும். வால்வையே மாத்திடணும்" என்றார். கிரீஸ் வைத்துக் கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்; அப்படிப் போகாதவரே நல்ல மெக்கானிக்.

வால்வை மாற்ற வேண்டிய மற்ற அறிகுறிகளும் இதைப் போன்றவைதான். கிரீஸ் வைத்த பிறகும் இறுக்கம் போகவில்லை; அணைத்த பிறகும் பர்னரில் நீலப் பொட்டாகச் சுடர் நிற்கிறது; அமுக்காமலே நாப் திரும்புகிறது; தண்டின் தட்டைப் பக்கம் தேய்ந்து நாப் வெறுமனே சுற்றுகிறது. அமுக்காமல் திரும்பும் நாபைப் பலர் வசதி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அமுக்கித்தான் திருப்ப வேண்டும் என்ற பூட்டு, குழந்தையின் கையோ இடிக்கும் இடுப்போ அதைத் திறந்துவிடாமல் இருப்பதற்காக வைத்தது. அது போய்விட்டால் வால்வு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

இந்த மாற்றும் வேலையை நாமே செய்யலாமா? வேண்டாம் என்பேன், கைவேலை நன்றாகத் தெரிந்தவருக்கும் இதையேதான் சொல்வேன். வால்வு கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, ஸ்பேனரும் வீட்டில் இருக்கலாம். ஆனால் வால்வின் நீளம், மரை, தண்டின் உயரம் எல்லாம் அடுப்புக்கு அடுப்பு மாறும். சில அடுப்பில் அது குழாயோடு மரையில் முடுக்கப்பட்டிருக்கும்; சிலவற்றில் ஒரு சிறு வாஷர் வைத்து ஸ்குரூவால் இறுக்கியிருக்கும். மரையில் முடுக்கும் வகையில், கடைசியாக இறுகி நிற்கும் இடத்தில் தண்டு சரியாக ஓட்டையைப் பார்த்து நிற்கவும் வேண்டும், இணைப்பு கசியாமலும் இருக்க வேண்டும். அதைக் கூடுதலாக முறுக்கினால் குழாய் விரியும், குறைவாக முறுக்கினால் கசியும். வால்வின் முனையில் திருகியிருக்கும் ஜெட் அந்தப் பர்னரின் அளவுக்கானது. சின்னப் பர்னரின் ஜெட்டைப் பெரியதற்குப் போட்டால் சுடர் சோர்ந்துவிடும், பெரியதைச் சின்னதற்குப் போட்டால் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரியாகும். குழாய் வழி எரிவாயு வரும் வீடுகளில் ஜெட்டின் துளையே வேறு அளவு. இவ்வளவும் சரியாக அமைந்ததா என்று சோதித்துச் சொல்ல, இதையே தொழிலாகச் செய்யும் கை வேண்டும். சிலிண்டர் ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக்கோ அடுப்பு நிறுவனத்தின் சர்வீஸ் ஆளோ வந்தால், பிறகு ஏதாவது என்றால் கேட்க ஓர் இடமும் இருக்கும். வாரண்டிக் காலத்தில் வேறு யாரும் திறக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் கூவிக்கொண்டு வரும் ரிப்பேர்காரர்களில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என் கவலை திறமையைக் குறித்ததல்ல, முடித்த பிறகு செய்யும் சோதனையைக் குறித்தது. சோப்புத் தண்ணீர்ச் சோதனை நடக்காமல் எந்த வால்வு வேலையும் முடிந்ததாகக் கணக்கில்லை. எல்லா நாப்களையும் மூடிவிட்டு ரெகுலேட்டரைத் திறந்து, வால்வும் குழாயும் சேரும் இடம், முகப்பு ஸ்குரூ, தண்டின் அடி, ரப்பர் குழாயின் இரு முனைகள் எல்லாவற்றிலும் நுரைத்த சோப்புத் தண்ணீரைத் தடவி ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். குமிழி ஊதி வளர்ந்தால் அங்கே கசிவு. ஜெட்டின் வாயிலும் ஒரு துளி வைத்துப் பார்ப்பார்கள். நாப் மூடியிருக்கும்போது அங்கே குமிழி வந்தால், கூம்பு உள்ளேயே கேஸை விடுகிறது என்று அர்த்தம். தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டி "பாருங்க, பத்தலை" என்று சொல்பவரை அதோடு அனுப்பிவிடுங்கள். ரப்பர் குழாயின் தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பிறகு சுடரைப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் நீலமாக, பர்னரை விட்டுத் தாவாமல் நிற்க வேண்டும். முழு வேகத்திலிருந்து சட்டென்று சிம்முக்குத் திருப்பினால் அணையக் கூடாது. அணைத்தால் உடனே அணைய வேண்டும்.

எங்கள் தெரு அடுப்பில் புது வால்வு போட்டு, சோப்புச் சோதனையும் முடிந்து, சுடரும் சரியாக நின்றது. ஆனால் அந்த மெக்கானிக் பணம் கேட்கவில்லை. அடுப்பைப் பத்து நிமிடம் எரியவிட்டு நாபைத் தொட்டுப் பார்த்தார். சிம்முக்குக் கொண்டுவந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம்; பர்னர் மேல் சுடர் இல்லை, அடியில் இருந்து சீறல் கேட்டது. உடனே அணைத்தார். சுடர் பர்னரிலிருந்து பின்வாங்கி, கீழே ஜெட்டின் முனையிலேயே எரிந்திருக்கிறது. ஜெட் முனைக்கு விரல்கடை தூரத்தில்தான் வால்வு. அங்கே எரியும் சுடர் வால்வைச் சுட வைத்து, கிரீஸைக் காய வைக்கிறது. மற்ற இரண்டு நாப்களும் நன்றாக இருக்க, இது மட்டும் மாதக்கணக்கில் இறுகிவந்ததன் வேர் அங்கேதான் இருந்தது.

பர்னரின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து விளிம்பு நெளிந்து, தன் இடத்தில் படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. துளைகள் சிலவற்றைக் கம்பியால் குத்திக் குத்திப் பெரிதாக்கியும் இருந்தார்கள். அதே அளவில் புது பர்னர் வைத்த பிறகு சிம்மிலும் சுடர் மேலேயே நின்றது. "நாப் கை வைக்க முடியாத அளவு சூடானா, இல்ல இந்த மாதிரி டப்புன்னு சத்தம் வந்தா உடனே அணைச்சிடுங்க அக்கா. ஆறினப்புறம் பர்னர் மூடி சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. திரும்ப வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, கேஸ் வாடை வந்தால் எந்த நேரமும் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார்.